பிறந்த குழந்தையின் சிவப்புத் திட்டும் உரியும் தோலும்: படத்தில் மெழுகாக்காமல் சரிசெய்வது எப்படி

பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் எடுக்கிற குழந்தைப் படங்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புத் திட்டுகள். மூக்கோரத்திலும் புருவத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரியும் தோல். பெற்றோர் பிள்ளையை நேரில் பார்க்கும்போது இதெல்லாம் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. படத்தை அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்ததும்தான் “ஐயோ, முகமெல்லாம் இப்படி இருக்கே” என்பார்கள். அதைச் சரிசெய்யப் போய் முகத்தை மொத்தமாக வழித்து, பிள்ளையை மெழுகில் வார்த்தது போல ஆக்கிவிடுவது இன்னொரு பக்கம்.

நான் சிங்கப்பூரில் வீடுகளுக்குப் போய்க் குழந்தைப் படங்கள் எடுக்கிறேன். பெரும்பாலும் நம்மவர் வீடுகள், அதனால் மாநிறமும் கறுப்பும் கலந்த சருமங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை வெளிர்ந்த சருமத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. அதே அளவுகளை நம் பிள்ளைகள்மேல் வைத்தால் சிவப்பு போய்ச் சாம்பல் வந்து நிற்கும். அது ஏன், அதற்கு என்ன செய்வது என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தோலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கருவில் இருக்கும்போது குழந்தையின் உடம்பில் வெண்ணெய் போன்ற ஒரு பூச்சு இருக்கும். பிறந்தபின் அது போய்விட, இத்தனை மாதம் நீரிலேயே இருந்த மேல்தோல் முதல்முறையாகக் காற்றில் காய்கிறது. காய்ந்த மேல்படலம் சில நாளில் வெடித்து உரியும். நாள் தள்ளிப் பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம். சிவப்புத் திட்டுகளில் பலவும் முதல் சில நாட்களில் வந்து தானாகவே மறைகிற சாதாரணத் தடிப்புகள். மருத்துவர்கள் எரித்தீமா டாக்ஸிகம் என்று ஒரு பெயர் சொல்வார்கள்; நடுவில் வெளிர்ந்த சிறு புள்ளியும் சுற்றிச் சிவப்பும் இருக்கும். அழுதாலும் சிவக்கும், ஒரு பக்கமாகவே படுத்திருந்தாலும் அந்தக் கன்னம் சிவக்கும். சீழ் வைத்த கொப்புளமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்குப் படம் எடுப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

ஆக நம் முன்னால் இருப்பது இரண்டு வேறு வேறு விஷயங்கள். சிவப்பு என்பது தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தால் வருவது. தோலின் மேற்பரப்பு அங்கே நன்றாகவே இருக்கிறது. உரிதல் என்பது மேற்பரப்பில் தூக்கி நிற்கும் செதில். அடியில் நிறம் நன்றாகவே இருக்கிறது. சிவப்புக்கு நிறத்தை மட்டும் தொட வேண்டும், உரிதலுக்கு மேற்பரப்பை மட்டும் தொட வேண்டும். இரண்டையும் ஒரே பிரஷ்ஷால் தேய்க்கிறபோது, அல்லது மொத்தமாக மங்கலாக்கும் வடிகட்டியைப் போடுகிறபோதுதான் முகம் மெழுகாகிறது. நன்றாக இருந்த மேற்பரப்பும் போய்விடுகிறது, நன்றாக இருந்த நிறமும் போய்விடுகிறது.

நான் சொல்லப்போகும் படம் செங்காங்கில் ஒரு வீவக வீட்டில் எடுத்தது. பெண் குழந்தை, பிறந்து ஒன்பதாவது நாள். முப்பதாம் நாள் புண்ணியதானத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நன்றி அட்டையில் போட ஒரு முகப்படம் வேண்டும் என்று தாயார் கேட்டிருந்தார். “அக்கா, பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் உரியுது, ஒரு வாரம் தள்ளி வரீங்களா?” என்று முதல்நாள் செய்தி அனுப்பினார். தள்ளினால் தோல் தெளிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தச் சுருண்டு தூங்கும் தோற்றமும் போய்விடும். இரண்டு வாரம் தாண்டினால் பிள்ளைகள் முழித்துக்கொள்வார்கள், முகமும் மாறிவிடும். அதனால் குறித்த நாளிலேயே போனேன்.

எடுக்கும்போதே கொஞ்சம் கவனித்தால் பின்னால் கணினியில் உட்காரும் நேரம் பெரிதும் குறையும். அந்த வீட்டு வரவேற்பறைச் சன்னலுக்கு எதிரே இன்னொரு புளோக், அதன் சுவரில் காவி நிறப் பட்டை. வெயில் அதில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் பிள்ளையின் ஒரு கன்னத்தை இன்னும் சிவப்பாக்கியது. மேலே எல்இடி விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் முகத்தில் இல்லாத திட்டுகள் எல்லாம் உருவாகும். பின்னால் எது தோலின் சிவப்பு, எது சுவரின் சிவப்பு என்று பிரிக்கவே முடியாது. விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவர் தெரியாத படுக்கையறைச் சன்னலுக்கு மாறினோம். வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, வெளிச்சம் குழந்தையின் நெற்றிப் பக்கத்திலிருந்து சாய்வாக முகத்தில் இறங்கும்படி படுக்க வைத்தேன். நேர் பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிழல் விழும், உரிதல் இரண்டு மடங்காகத் தெரியும். சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதும் அவசியம். வெள்ளைச் சமநிலையை ஊகத்தில் வைத்தால் சிவப்பு எவ்வளவு என்ற கணக்கே தப்பாகிவிடும்.

எக்ஸ்போஷரில் ஒரு எச்சரிக்கை. கேமராவின் சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராமை மட்டும் பார்க்காதீர்கள். குழந்தையின் சிவந்த தோலில் சிவப்புச் சேனல் மட்டும் முதலில் வெடித்துவிடும்; மொத்தக் கணக்கில் அது தெரியாது. அப்படி வெடித்த இடத்தில் பின்னால் என்ன செய்தாலும் ஆரஞ்சுப் பூச்சு அடித்த மாதிரிதான் இருக்கும். மெழுகுத் தோற்றத்தின் ஒரு வகை கேமராவுக்குள்ளேயே பிறக்கிறது. மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் போட்டு, சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டாத அளவுக்குக் குறைத்து, RAW-இல் எடுங்கள்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் படம் எடுக்கப் போகிறோம் என்றதும் பாட்டிமார் பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். முந்தின நாள் பூசினால் செதில்கள் படிந்து நல்லதுதான். ஆனால் சற்றுமுன் பூசியது என்றால் மூக்கிலும் நெற்றியிலும் பளபளவென்று வெள்ளைப் புள்ளிகள் விழும். மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கச் சொல்வேன். உரிகிற தோலைப் பிய்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். அடியிலிருப்பது இன்னும் பக்குவப்படாத தோல், உடனே சிவந்துவிடும்.

சரி, இனி கணினிக்கு வருவோம்.

RAW-ஐத் திறக்கும் இடத்தில் நான் செய்வது குறைவு. சாம்பல் அட்டையால் வெள்ளைச் சமநிலை, லேசான எக்ஸ்போஷர் திருத்தம், அவ்வளவுதான். Clarity, Texture இரண்டையும் மைனஸ் பக்கம் இழுத்தால் முகம் உடனே அழகாவது போல இருக்கும், அதை நம்பாதீர்கள். இரைச்சல் நீக்கத்தில் Luminance-ஐயும் ஏற்றாமல் விடுங்கள். தோலின் நுண்துகளை, அதாவது மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பை, அது முதலில் தின்றுவிடும். 16 பிட்டில் போட்டோஷாப்புக்கு அனுப்புங்கள். 8 பிட்டில் நிறத்தை நகர்த்தினால் கன்னத்தின் மெதுவான நிறமாற்றம் படிப்படியாக உடையும்.

முதலில் உரிதல். படத்துக்கு மேலே ஒரு காலி லேயர். Healing Brush எடுத்து, Sample என்ற இடத்தில் Current & Below. இப்போது அந்தக் காலி லேயரின் blend mode-ஐ Darken என்று மாற்றுங்கள். மேலே டூலின் பட்டையிலும் Mode என்று ஒன்று இருக்கும்; காலி லேயரில் வேலை செய்யும்போது அதை மாற்றிப் பயனில்லை, லேயரின் மோடைத்தான் மாற்ற வேண்டும். காரணம் இதுதான்: உரியும் செதில் சுற்றியுள்ள தோலைவிட வெளிர்ந்திருக்கும், மாநிறத்தில் இது இன்னும் தெளிவு. லேயர் Darken-இல் இருந்தால், நீங்கள் தடவிய இடத்தில் கீழே இருப்பதைவிடக் கருமையான புள்ளிகள் மட்டுமே மேலே தெரியும். வெள்ளைச் செதில் மறையும். செதில்களுக்கு நடுவே இருந்த நல்ல தோல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். முழுவதையும் வேறு தோலால் மூடுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை 100% அளவில் பார்த்தால் தெரியும்.

பிரஷ்ஷின் அளவு செதிலின் அகலத்தைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். Hardness-ஐக் குறைக்காதீர்கள், நான் 80-க்கு மேல்தான் வைத்திருப்பேன். மென்மையான விளிம்பு பாதுகாப்பானது என்று தோன்றும், ஆனால் இங்கே அது எதிரி. விளிம்பில் பழைய தோலும் புதுத் தோலும் பாதிப் பாதியாகக் கலந்து, இரண்டின் நுண்துகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவலைச் சுற்றியும் ஒரு மங்கலான வளையம் விழும். நூறு தடவல் தடவினால் நூறு வளையம், மொத்தமாகச் சேர்ந்து மெழுகு. மாதிரி எடுக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கட்டும். மூக்குத் தோலைக் கொண்டுபோய் நெற்றியில் வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

செங்காங் பிள்ளைக்குப் புருவத்துக்கு மேலே வரிவரியாக உரிந்திருந்தது. அதே இடத்தில் பிறந்த குழந்தைக்கே உரிய பூனைமுடியும் இருந்தது. வெளிச்சம் பட்டால் அந்த முடியும் வெளிர்ந்துதான் தெரியும், அதனால் Darken லேயர் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். செதிலுக்கும் முடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி, முடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்; செதிலின் ஓரம் கோணல்மாணலாக, துண்டுதுண்டாக இருக்கும். 200% வரை பெரிதாக்கி, செதிலை மட்டும் பின்தொடர்ந்து போனேன். பூனைமுடி போனால் நெற்றி பீங்கான் ஆகிவிடும். அதைக் காப்பாற்றுவதற்காகக் கூடுதல் நேரம் செலவழிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வெள்ளை ஓரம் மறைந்தபின் சில இடங்களில் செதிலின் நிழல் மெல்லிய கருங்கோடாக மிஞ்சும். அதற்கு இன்னொரு காலி லேயர், இம்முறை Lighten. கண்ணுக்கு உறுத்துகிற கோடுகளை மட்டும் எடுங்கள், எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டாம். மணிக்கட்டின் மடிப்பிலும் கை விரல்களிலும் உரிதலைப் பெரும்பாலும் நான் அப்படியே விட்டுவிடுவேன். முகத்தை மட்டும் சரிசெய்து கையைத் தொடாமல் விட்டால் படம் உண்மையாக நிற்கும். கையை வழவழப்பாக்கினால் முகத்தில் செய்ததையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது சிவப்பு. இதில்தான் நம் சருமத்துக்கும் பாடங்களில் வரும் சருமத்துக்கும் உள்ள வேறுபாடு வெளியே வருகிறது.

வழக்கமாகச் சொல்லித் தருவது Hue/Saturation லேயர் போட்டு, Reds தேர்ந்தெடுத்து, Hue-ஐ ஆரஞ்சுப் பக்கம் தள்ளி, Saturation-ஐக் குறைப்பது. வெளிர்ந்த கன்னத்தில் லேசான சிவப்பு என்றால் இது போதும். மாநிறத்தில் அழுத்தமான திட்டு என்றால் சிவப்பு போனபின் அந்த இடத்தில் அடிபட்ட காயம் ஆறியது போலச் சாம்பல் கலந்த பழுப்புத் திட்டு நிற்கும். திட்டு சிவப்பாக மட்டும் இருக்கவில்லை, கருமையாகவும் இருந்தது. நாம் நிறத்தை எடுத்தோம், கருமையை விட்டுவிட்டோம்.

ஏன் கருமை என்று பார்க்க Channels பட்டையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். சிவப்புச் சேனலில் திட்டு கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும், கன்னம் மிருதுவாக இருக்கும். பச்சையில் அதே திட்டு மை கொட்டிய மாதிரி தெரியும். நீலத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாக, இரைச்சலோடு தெரியும். ரத்தம் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் வருவது இது. நம் கண் வெளிச்சம் என்று உணர்வதில் பாதிக்கு மேல் பச்சையிலிருந்து வருவதால், பச்சை குறைந்த இடம் இருண்டும் தெரிகிறது. ஆக, திட்டு என்பது பச்சை குறைந்துபோன ஓர் இடம். குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் நிறமும் வெளிச்சமும் ஒரே நேரத்தில் சரியாகும். அதற்கு ஒரு Curves லேயர் போதும்.

இந்தப் படத்தில் செய்ததை அப்படியே சொல்கிறேன். Color Sampler Tool எடுத்து, அதன் Sample Size-ஐ 11 by 11 Average என்று வைத்தேன். ஒற்றைப் புள்ளியை அளந்தால் தோலின் துகள்கள் கணக்கைக் குழப்பிவிடும். இடக்கன்னத்தில் திட்டின் நடுவில் ஒரு புள்ளி, அதே வெளிச்சம் விழுந்த பக்கத்து நல்ல தோலில் ஒரு புள்ளி. Info பட்டையில் 8 பிட் கணக்கில் நல்ல தோல் ஏறக்குறைய இப்படி இருந்தது: சிவப்பு 198, பச்சை 150, நீலம் 122. திட்டு: சிவப்பு 190, பச்சை 118, நீலம் 100. பாருங்கள், சிவப்பில் வித்தியாசம் எட்டுதான். பச்சையில் முப்பத்திரண்டு. சிவப்புத் திட்டு என்று பெயரே தவிர, அங்கே சிவப்பு கூடுதலாக இல்லை.

Curves லேயரைத் திறந்து Green-க்கு மாறி, உள்ளே 118 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து 142-க்கு உயர்த்தினேன். பிறகு Blue-க்கு மாறி 100-ஐ 116-க்கு உயர்த்தினேன். சிவப்பைத் தொடவில்லை. 150-க்கும் 122-க்கும் கொண்டுபோய் அச்சாகப் பொருத்தாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியது வேண்டுமென்றேதான். ஒன்பது நாள் பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரியத்தான் வேண்டும். முகம் முழுக்க ஒரே எண்ணுக்கு வந்துவிட்டால், நுண்துகள் எல்லாம் பத்திரமாக இருந்தாலும் பொம்மை போலத்தான் இருக்கும். மேற்பரப்பு அழிவதால் மட்டும் மெழுகு வருவதில்லை, நிறம் ஒன்றாகிப் போவதாலும் வரும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இப்போது முகமே பச்சையும் மஞ்சளுமாக மாறியிருக்கும், பயப்பட வேண்டாம். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்தினால் (மேக்கில் Cmd+I) அது கறுப்பாகி மாற்றம் மறையும். அப்புறம் வெள்ளை நிறத்தில், Flow 5 முதல் 10 வரை வைத்து, திட்டுகளின்மேல் மட்டும் மெதுவாகத் தடவுங்கள். இங்கே பிரஷ் முற்றிலும் மென்மையாக இருக்கலாம், திட்டின் பாதி அளவுக்குப் பெரிதாகவும் இருக்கலாம். நாம் தோலைத் தொடவில்லை, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அதனதன் இடத்திலேயே நகர்த்துகிறோம். துகள் அப்படியே இருக்கும். செதிலுக்குக் கடினமான சிறிய பிரஷ், சிவப்புக்கு மென்மையான பெரிய பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடவிய இடம் பச்சையாகத் தெரிந்தால், சிவக்காத தோல்மேல் ஏறிவிட்டீர்கள் என்று பொருள். X அழுத்திக் கறுப்புக்கு மாறி அங்கே அழித்துவிடலாம். பெரும்பாலும் திட்டின் ஓரத்தில்தான் இது நடக்கும், ஏனென்றால் ஓரத்தில் சிவப்பு குறைவு. நடுவிலிருந்து வெளியே நகர்ந்து, ஓரத்துக்கு முன்பே கையை எடுத்துவிடுவது நல்லது. சில திட்டுகள் மற்றவற்றைவிட அழுத்தமாக இருந்தால் ஒரே லேயரில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காமல், அவற்றுக்குத் தனியாக அளந்து இன்னொரு Curves லேயர் போடுங்கள். பிறந்த சில நாளில் பல குழந்தைகளுக்கு உடம்பில் மஞ்சள் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட முகத்தில் நீலத்தைக் கூடுதலாக உயர்த்த வேண்டிவரும், இல்லையென்றால் திட்டு இருந்த இடம் பக்கத்துத் தோலைவிட மஞ்சளாகிவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாமே திட்டாகத் தெரியும். அதற்காக மேலே இரண்டு சோதனை லேயர்களை வைத்துக்கொள்கிறேன். இரண்டுமே Solid Color லேயர்கள். ஒன்று 50% சாம்பல், அதன் மோடு Color. இதைத் திறந்தால் நிறம் எல்லாம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். சிவப்பு போன இடத்தில் கருமை மிஞ்சியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். மற்றதும் அதே சாம்பல்தான், ஆனால் மோடு Luminosity. இதில் வெளிச்ச வேறுபாடு போய் நிறம் மட்டும் மிஞ்சும். பார்ப்பதற்கு விநோதமாக, தட்டையாக இருக்கும். அதன்மேல் ஒரு Hue/Saturation போட்டு Saturation-ஐ ஏற்றினால் எங்கே இன்னும் சிவப்பு, எங்கே பச்சை ஏறிவிட்டது என்பது வரைபடம் போலத் தெரியும். சோதனை முடிந்ததும் இவற்றை அணைத்துவிட வேண்டும்.

முதல் சோதனையில் கருமை மிஞ்சியிருந்தால், இன்னொரு Curves லேயரில் நடுவை லேசாக உயர்த்தி, லேயரின் மோடை Luminosity ஆக்கி, கறுப்பு மாஸ்க்கில் Flow 3 அளவில் அந்தக் கருமைமேல் மட்டும் தடவலாம். இந்தப் படத்தில் வலக்கண்ணுக்குக் கீழே ஒரு இடத்துக்குத்தான் அது தேவைப்பட்டது.

இந்த இடத்தில்தான் மாநிறப் பிள்ளைகளின் படங்களில் வேறொரு தவறு சத்தமில்லாமல் நுழைகிறது. திட்டைச் சரிசெய்கிறேன் என்று ஒவ்வொரு இடமாக வெளுக்க வெளுக்க, கடைசியில் பிள்ளையே இரண்டு மூன்று படி வெளுத்துவிடும். படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே பாட்டி பக்கத்தில் வந்து, “ஏம்மா, அப்படியே கொஞ்சம் வெள்ளையாவும் ஆக்கிடேன்” என்றார். பிள்ளையின் நெஞ்சுத் தோலைக் காட்டி, “இவ நிறம் இதுதான் பாட்டி, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. முகத்துல இருக்கிற சிவப்பு நாளைக்குப் போயிடும், அதை மட்டும்தான் நான் எடுப்பேன்” என்றேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கொஞ்ச நாளில் போய்விடுகிற ஒன்றைப் படத்திலிருந்து எடுப்பது வேறு, பிள்ளைக்கே உரிய ஒன்றை எடுப்பது வேறு. வேலையில் இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. நெஞ்சிலோ நெற்றிப்பொட்டிலோ திட்டு இல்லாத இடத்தில் மூன்றாவது அளவுப் புள்ளி ஒன்றை வைத்துவிடுங்கள். கடைசிவரை அந்த எண்கள் மாறக்கூடாது. முகத்தில் நீங்கள் சரிசெய்த இடம் எதுவும் அதே வெளிச்சத்தில் அதைவிடப் பிரகாசமாகவும் ஆகக்கூடாது.

அதே காரணத்துக்காகத்தான் சில அடையாளங்களைக் கேட்காமல் தொடுவதில்லை. கண்ணிமையிலும் இரு புருவத்துக்கு நடுவிலும் சில பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மச்சம் போல இருக்கும். மங்குவதற்கு மாதங்கள் ஆகலாம். நம் பிள்ளைகளுக்கு முதுகின் அடியில் வரும் நீலச் சாம்பல் நிற மறுவும் அப்படித்தான், போக வருடங்கள் எடுக்கும். இந்தப் பிள்ளையின் இமையில் அந்த இளஞ்சிவப்பு இருந்தது. “அது எங்கம்மா வீட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் உண்டு அக்கா, இருக்கட்டும்” என்றார் தாயார். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டும் அப்படியே இருந்தாக வேண்டும். அதைச் சுற்றி உரிந்திருந்த செதில்களை எடுக்கும்போது, Healing Brush பொட்டின் கருமையைப் பக்கத்துத் தோலுக்கு இழுத்துவந்து அழுக்குப் போலப் பரப்பும். அடர்ந்த கருமைக்குப் பக்கத்தில் அந்தப் பிரஷ் எப்போதும் அப்படித்தான் செய்யும். பொட்டைச் சுற்றி ஒரு செலக்‌ஷன் போட்டு அதைத் தலைகீழாக்கிக்கொண்டால் பொட்டின்மேல் பிரஷ் ஏறாது. கருமை அப்படியும் கசிந்தால் அந்த விளிம்பில் மட்டும் Clone Stamp எடுத்துக்கொள்ளுங்கள்.

Frequency separation பற்றிக் கேட்பார்கள். துகளை ஒரு லேயரிலும் நிறத்தை ஒரு லேயரிலும் பிரித்து வைக்கும் முறை அது; பெரியவர்களின் படத்துக்கு நானும் பயன்படுத்துவேன். குழந்தைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தையின் முகத்தில் எலும்பின் கோடுகள் கிடையாது. கன்னத்தின் உருளையும் உதட்டோரக் குழிவும் மிக மெதுவான வெளிச்ச மாற்றத்தில்தான் தெரிகின்றன. நிற லேயரை மங்கலாக்கினால் திட்டோடு சேர்ந்து அந்த உருளையும் கரைந்துவிடும். மேலே துகள் பத்திரமாக இருக்கும், ஆனால் அடியில் வடிவம் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் உரிதலின் இரண்டு லேயர்களையும் ஒரு குரூப்பிலும், Curves லேயர்களை இன்னொரு குரூப்பிலும் போட்டு, படத்தை அச்சாகப் போகும் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அட்டையில் முகம் உள்ளங்கை அகலம்தான் வரும். அந்த அளவில் Curves குரூப்பின் Opacity-ஐப் பூஜ்யத்துக்கு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தேன். எந்த இடத்தில் திட்டு கண்ணை உறுத்துவது நின்றதோ அங்கேயே நிறுத்தினேன். அது 75 பக்கம் வந்தது. 100% அளவில் பெரிதாக்கி வேலை செய்தபோது தேவை என்று தோன்றியதில் கால் பங்கு தேவையே இல்லை. லேயர்களைத் தட்டையாக்காமல் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக் கடையில் முதலில் ஒரே ஓர் அட்டை போட்டுப் பார்த்து, காகிதத்தில் சிவப்பு ஏறித் தெரிந்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சில படங்களில் இந்த முறை எதுவும் எடுபடாது. அழுது முடித்த கையோடு எடுத்த படம், முகமும் நெஞ்சும் கையும் மொத்தமாகச் சிவந்து, அளந்து பார்க்க நல்ல தோலே இல்லாத படம். அந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒன்று இருந்தது. அப்பாவின் விரலைப் பிடித்தபடி, வாயைத் திறந்து கொட்டாவி விடுகிற படம். தாயாருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. அதை நான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். Channel Mixer லேயரில் Monochrome-ஐ இயக்கி, Red 70, Green 30, Blue 0 என்று வைத்தேன். திட்டு தெரியாத சேனல் சிவப்புதான் என்று முன்பே பார்த்தோம், அதனால் பெரும்பகுதியை அதிலிருந்து எடுத்தால் சிவப்புகள் ஒரு தடவல்கூட இல்லாமல் அடங்கிவிடுகின்றன. Red-ஐ 100-க்கே கொண்டுபோனால் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் உதடும் வெளுத்து, மாநிறமும் வெளுத்துவிடும். 70-இலும் உதடு கொஞ்சம் வெளிறியது. அதற்காக Channel Mixer மாஸ்க்கில் உதட்டின்மேல் மட்டும் சாம்பல் தடவி விட்டுவிடக்கூடாது, அங்கே நிறம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பதிலாக மேலே தனியாக ஒரு Curves லேயர் போட்டு, நடுவைச் சற்று இறக்கி, உதட்டுக்கும் நாக்குக்கும் மட்டும் மாஸ்க் திறந்தேன். செதில்களுக்கு அதே Darken லேயர்தான், ஆனால் இதில் முகத்துக்கு மட்டும். அப்பாவின் விரலைப் பிடித்திருந்த கையில் தோல் உரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.